எந்த இரும்பு என்பதையும் எழுதுங்கள்

மாவிலும் அரிசியிலும் உப்பிலும் சத்துச் சேர்க்கும் விதிகளை எழுதுகிற அதிகாரிகளுக்கும், அந்த விதிகளுக்கு ஆலோசனை சொல்லும் குழுவினருக்கும்,

வணக்கம். மாவு ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். உங்கள் விதிகளைப் படித்து, அதன்படி சத்துகளை முன்கூட்டியே கலந்து வைத்த ப்ரீமிக்ஸ் தூளை வாங்கி, அதை மாவில் அளவாக விடும் ஃபீடரில் கொட்டி, மாவைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஒரு கிலோ மாவில் இத்தனை மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். அது எந்த இரும்பு என்பதைப் பல நேரம் எழுதுவதில்லை. எழுதினாலும் நான்கைந்து பெயர்களை வரிசையாகப் போட்டு 'இவற்றில் ஏதேனும் ஒன்று' என்று முடித்துவிடுகிறீர்கள். இந்தத் திட்டங்களில் பாதிக்கு மேல் வீணாவது அந்த 'ஏதேனும் ஒன்றில்'தான் என்பது என் கணிப்பு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உணவில் சத்துச் சேர்ப்பது வேலை செய்யாது என்று சொல்ல நான் வரவில்லை. சுவிட்சர்லாந்தில் 1922-இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள். கழுத்துக் கழலை தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர்களில் அது மறைந்துபோனது. கனடாவில் 1998 முதல் மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமானது. அதற்கு முன் 1,000 பிரசவங்களில் 1.58 ஆக இருந்த, குழந்தையின் மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்புக்குழல் குறைபாடு 0.86-க்கு இறங்கியது, அதாவது ஏறக்குறைய பாதி. ஃபோலிக் அமிலம் அதற்கு ஏற்ற பொருள். மிகச் சிறிய அளவு போதும், நிறத்தையோ ருசியையோ தொடாது, உடல் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் நரம்புக்குழல் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போது தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் மாத்திரை கொடுக்க முடியாது, மாவில் ஏற்கெனவே இருந்தால்தான் உண்டு. பி12 குறைபாட்டை மறைத்துவிடுமோ என்ற ஒரு கவலை உண்டு, அதனால் பல இடங்களில் பி12-ஐயும் சேர்த்தே போடுகிறார்கள். அதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

இரும்பு அப்படிப்பட்ட பொருள் அல்ல, சரியான வம்புக்காரப் பொருள். உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும் இரும்பு எதுவோ, அதுவே உணவையும் சுலபமாகக் கெடுக்கும். வயிற்று அமிலத்தில் கரைந்தால்தான் இரும்பு குடலுக்குள் போகும். ஆனால் எளிதில் கரையும் இரும்பு மாவின் கொழுப்போடும் உப்பின் ஈரத்தோடும் வினைபுரிந்து, நிறத்தை மாற்றும், காறல் வாடையைக் கொண்டுவரும். எதனோடும் சேராமல் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இரும்போ, வயிற்றிலும் அப்படியே சாதுவாக உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே போய்விடும்.

மாவை எடுத்துக்கொள்வோம். ஆலைக்கு முன்னால் நான்கு தேர்வுகள் இருக்கின்றன. ஃபெரஸ் சல்பேட் நன்றாக உட்கிரகிக்கப்படும், ஆனால் மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும் மாவில் காறல் வரும். ஃபெரஸ் ஃப்யூமரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வயிற்று அமிலத்தில் கரையும். ஆகவே உட்கிரகிப்பு சல்பேட்டுக்குச் சமமாகவே இருக்கும், மாவையும் குறைவாகவே தொல்லை செய்யும். மூன்றாவது இரும்புத்தூள். இது உப்பு வடிவமே இல்லை, வெறும் உலோகம். மின்பகுப்பு முறையில் செய்தது, ஹைட்ரஜனால் ஒடுக்கியது, உருக்கி நுண்துளிகளாகத் தெளித்தது என்று பல வகை. விலை குறைவு, மாவு கெடாது, வருடக்கணக்கில் தாங்கும், ஆலைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இவற்றில் மின்பகுப்புத் தூளை மட்டும் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்கிறது, அதையும் ஃபெரஸ் சல்பேட்டின் பாதி அளவுக்குத்தான் உடலில் சேரும் என்று கணக்கிட்டு. நான்காவது சோடியம் இரும்பு இ.டி.டி.ஏ. விலை அதிகம். தவிடு நீக்காத மாவில் வேலைக்கு ஆவது இது ஒன்றுதான்.

தவிடு என்றதும் ஃபைட்டிக் அமிலத்தைச் சொல்லியாக வேண்டும். தானியத்தின் வெளித்தோலில் இருக்கிற இது இரும்பைப் பிடித்து இறுக்கிக் கட்டிவிடும். கட்டுண்ட இரும்பு குடலைத் தாண்டாது. இ.டி.டி.ஏ. செய்யும் காரியம் எளிமையானது. ஃபைட்டிக் அமிலம் பிடிப்பதற்கு முன் இரும்பைத் தானே பிடித்துக்கொண்டு, குடலின் மேற்பகுதி வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். ஃபைட்டிக் அமிலம் நிறைந்த உணவில் இதன் உட்கிரகிப்பு ஃபெரஸ் சல்பேட்டை விட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். வெள்ளை மாவிலோ அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட பரிந்துரையில் இவை எல்லாமே இருக்கின்றன. ஒருவர் ஒரு நாளைக்கு 150 முதல் 300 கிராம் மாவு சாப்பிடும் இடத்தில், இ.டி.டி.ஏ. என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பு, ஃபெரஸ் சல்பேட் அல்லது ஃப்யூமரேட் என்றால் 30, மின்பகுப்புத் தூள் என்றால் 60. மாவு குறைவாகச் சாப்பிடும் இடத்தில் அளவு கூடும். 150 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிடும் இடத்தில் மின்பகுப்புத் தூளைப் போடவே வேண்டாம் என்கிறது, ஏனென்றால் மாவின் தன்மையைக் கெடுக்காமல் அவ்வளவு தூளை அதில் திணிக்க முடியாது. ஆக, 'கிலோவுக்கு 30 மில்லிகிராம் இரும்பு' என்று ஒரே எண்ணை எல்லா வகைக்கும் பொதுவாக எழுதுவது, மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்வது போலத்தான்.

இதன் விளைவை 2010-இல் ஒரு ஆய்வுக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. அன்றைக்கு 78 நாடுகளில் இருந்த கோதுமை மாவுத் திட்டங்களை எடுத்து, எந்த இரும்பு, எவ்வளவு, மக்கள் எவ்வளவு மாவு சாப்பிடுகிறார்கள் என்று பொருத்தினார்கள். இரும்புநிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வரும் என்று எதிர்பார்க்கத்தக்கவை ஒன்பதே ஒன்பது. மீதி இடங்களில் தவறான தூள், போதாத அளவு, அல்லது இரண்டும்.

இதைத் தாளில் போட்ட கணக்கு என்று நீங்கள் ஒதுக்கலாம். அப்படியானால் இரண்டு நேரடிச் சோதனைகளைப் பாருங்கள்.

இலங்கையின் தோட்டப் பகுதிகளில் ஒரு சோதனை நடந்தது, முடிவு 2004-இல் வெளியானது. ஒரு கிலோ கோதுமை மாவில் 66 மில்லிகிராம் இரும்பு, அதாவது இப்போதைய பரிந்துரைக்கும் மேலே. சில குடும்பங்களுக்கு மின்பகுப்புத் தூள் போட்ட மாவு, சில குடும்பங்களுக்கு ஒடுக்கிய இரும்புத்தூள் போட்ட மாவு, மற்றவர்களுக்கு வெறும் மாவு. இரண்டு வருடம் ஓடியது. பெண்களுக்கும் சரி, பிள்ளைகளுக்கும் சரி, சத்துச் சேர்த்த மாவால் ஹீமோகுளோபினில் எந்த மாற்றமும் வரவில்லை.

அடுத்தது பெங்களூருப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்தது, 2012-இல் வெளியானது. இது முழுக்கோதுமை மாவு, அதாவது ஃபைட்டிக் அமிலம் நிறைந்த, இரும்புக்கு மிகவும் சங்கடமான மாவு. அதில் இ.டி.டி.ஏ. இரும்பு, 100 கிராமுக்கு 6 மில்லிகிராம். ஏழு மாதத்தில் இந்த மாவைச் சாப்பிட்ட குழந்தைகளில் இரும்புக் குறைபாடு 62 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கியது. இரும்புக் குறைபாட்டால் வரும் ரத்தசோகை 18-லிருந்து 9 ஆனது.

இந்த ஒப்பீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் குழந்தைகள் கண்ணெதிரே சாப்பிட்டார்கள். தோட்டங்களில் மாவு வீட்டுக்குப் போனது, வீட்டில் என்ன நடந்தது என்பது வீட்டுக்குத்தான் தெரியும். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் தேநீரும் இரும்பைத் தடுக்கும். ஆனாலும் ஒரு பக்கம் கிலோவுக்கு 66, இன்னொரு பக்கம் கிலோவுக்கு 60. எடை கிட்டத்தட்ட ஒன்றே, இரும்புதான் வேறு.

டென்மார்க் இன்னும் வேடிக்கை. அங்கே 1954 முதல் மாவில் உலோக இரும்புத்தூள் சேர்த்து வந்தார்கள், கிலோவுக்கு 30 மில்லிகிராம். 1987-இல் போதும் என்று நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முன்பும், நிறுத்திப் பல வருடம் கழித்தும் ஆட்களின் இரும்பு இருப்பை அளந்து பார்த்தால், நிறுத்தியதே தெரியவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாகப் போட்ட தூள், இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

சரி, இனி உடலுக்குள் நடக்கும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு வரும் அறிக்கைகளில் 'ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் உயரவில்லை, திட்டம் தோல்வி' என்றோ, எங்கேயோ கொஞ்சம் உயர்ந்ததைக் காட்டி 'திட்டம் வெற்றி' என்றோ இருக்கும். இரண்டையும் நம்ப வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஒரு பெண், ஒரு நாளைக்கு 200 கிராம் மாவு சாப்பிடுகிறார். மாவில் ஃபெரஸ் ஃப்யூமரேட், கிலோவுக்கு 30 மில்லிகிராம் இரும்பு. அவருக்குக் கிடைக்கும் கூடுதல் இரும்பு 6 மில்லிகிராம். தானிய உணவோடு சேர்ந்து போகும்போது அதில் 5 சதவீதம் உட்கிரகிக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ரத்தத்துக்குப் போவது 0.3 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள பெண்ணின் ஒரு நாள் தேவை சுமார் ஒன்றரை மில்லிகிராம் என்பதோடு பார்த்தால் 0.3 என்பது சிறியதும் அல்ல, பெரியதும் அல்ல.

இப்போது அவருடைய ஹீமோகுளோபினை டெசிலிட்டருக்கு ஒரே ஒரு கிராம் உயர்த்த வேண்டும். உடலில் நான்கு லிட்டர் ரத்தம் என்றால் 40 கிராம் புது ஹீமோகுளோபின் வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு. ஆக மொத்தம் 136 மில்லிகிராம். நாளுக்கு 0.3 வீதம் சேர்ந்தால் சுமார் 450 நாள், அதுவும் சேர்வதில் ஒரு துளிகூட வேறு வழியில் போகாமல் இருந்தால். குறைபாடு உள்ள உடல் சாதாரண உடலை விட அதிகமாக இழுத்துக்கொள்ளும், ஆகவே இதில் பாதி நாளில்கூட நடக்கலாம். எப்படியும் ஆறு மாதத்தில் ரத்தசோகை ஓடிப்போய்விடும் என்று எதிர்பார்த்து அளப்பது, விதைத்த மறுவாரம் கதிரைத் தேடுவதுதான்.

இரும்புத்தூள் போட்ட மாவுக்கு இதே கணக்கைப் போடுங்கள். அதே 30 மில்லிகிராம், உட்கிரகிப்பு பாதி. 0.15 மில்லிகிராம், 900 நாள். தாளில் இரண்டு மாவும் ஒன்றே. இரண்டுக்குமே என்னைப் போன்ற ஒருவர் 'விதிக்கு உட்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

அப்படியானால் எதை அளப்பது? ஃபெரிட்டினை அளக்க வேண்டும். அது உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும், ஹீமோகுளோபினுக்கு முன்பே அசையத் தொடங்கும். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்கிறார்கள். ஆனால் ஃபெரிட்டினுக்கும் ஒரு குணம் உண்டு. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால், இரும்பு இல்லாவிட்டாலும் அது ஏறி நிற்கும். ஆகவே கூடவே சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீட்டையும் அளந்து திருத்திக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் ஃபெரிட்டின் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் இரும்பு உள்ளே போகவில்லை. ஏறியும் ஹீமோகுளோபின் அசையவில்லை, காலம் போதுமான அளவு ஆகிவிட்டது என்றால், அந்த ஊரின் ரத்தசோகைக்குக் காரணம் இரும்பு அல்ல. மலேரியா, கொக்கிப்புழு, பி12 குறைபாடு, தலசீமியா என்று வேறு ஏதோ.

தொற்று இருக்கும் ஊரில் இன்னொன்றும் நடக்கும். அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது குடலின் இரும்பு வாசலை மூடிவிடும். எவ்வளவு நல்ல இரும்பைக் கொடுத்தாலும் வாசல் திறக்காது, மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்குத் தீனியாகும். ஐவரி கோஸ்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு இரும்பு சேர்த்த பிஸ்கட் கொடுத்த ஒரு சோதனையில், ஆறு மாதத்தில் குடலில் தீங்கு செய்யக்கூடிய கிருமிகள் பெருகியதைப் பார்த்தார்கள். அதில் போட்டிருந்ததும் மின்பகுப்புத் தூள்தான். உள்ளே போகாத இரும்பை 'பாதகமில்லை, வெளியே போய்விடும்' என்று தள்ளிவிட முடியாது.

அரிசிக்கு வருகிறேன். இதன் சிக்கல் வேறு மாதிரி. மாவில் தூளைக் கலக்கலாம், முழு மணியில் எப்படிக் கலப்பது? மேலே தூவினால் கழுவும் தண்ணீரோடு போய்விடும். ஆகவே அரிசியிலிருந்தே ஒரு போலி மணியைச் செய்கிறார்கள். நொய்யை மாவாக்கி, ப்ரீமிக்ஸ் கலந்து, நீராவியும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, சூடான எக்ஸ்ட்ரூடரில் அரிசி வடிவத் துளை வழியாகத் தள்ளி, நறுக்கி, காயவைக்கிறார்கள். அந்த மணியை நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண அரிசியோடு கலக்கிறார்கள். கிலோவுக்கு 40 மில்லிகிராம் இரும்பு வர வேண்டும் என்றால், ஒரு கிலோ போலி மணியில் 4 கிராம் இரும்பு இருக்க வேண்டும், அவ்வளவு அடர்த்தி.

இங்கே நிறம்தான் எஜமான். ஃபெரஸ் சல்பேட்டோ ஃப்யூமரேட்டோ போட்டால் மணி பழுப்பாகும், சிவக்கும். வெள்ளையாக இருக்கும் ஒரே இரும்பு ஃபெரிக் பைரோபாஸ்பேட். அது வெள்ளையாக இருப்பதற்கும் உட்கிரகிப்பு குறைவாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே, அது கரைய மறுக்கிறது. இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, துகளை இரண்டு மூன்று மைக்ரான் அளவுக்கு நுணுக்குவது. இன்னொன்று, மணியைப் பிசையும்போதே சிட்ரிக் அமிலமும் ட்ரைசோடியம் சிட்ரேட்டும் சேர்ப்பது, அது இரும்பைக் கரைய வைக்கிறது. துகள் என்ன அளவு, சிட்ரேட் சேர்க்க வேண்டுமா என்று உங்கள் விதியில் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள்.

பலன் என்ன? மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2019-இல் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்தது. இரும்பு சேர்த்த அரிசி இரும்புக் குறைபாட்டை மூன்றில் ஒரு பங்கு குறைக்கக்கூடும். ஹீமோகுளோபினின் சராசரி உயர்வோ லிட்டருக்கு 1.83 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 0.2 கிராம்கூட இல்லை. ரத்தசோகையில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் சான்றின் உறுதி 'குறைவு' என்றே மதிப்பிட்டார்கள். மேலே போட்ட 450 நாள் கணக்கை நினைவில் வைத்துப் படித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கையிருப்பு நிறைகிறது, ஹீமோகுளோபின் பின்னால் மெதுவாக வருகிறது. ரத்தசோகை ஒழியும் என்று மேடையில் சொல்லிவிட்டு, பிறகு ரத்தசோகையை மட்டும் அளந்தால் நீங்களே உங்களைத் தோற்கடித்துக்கொள்கிறீர்கள்.

அரிசியில் இன்னொரு நடைமுறைச் சங்கடம். ஒரு மணி சுமார் 20 மில்லிகிராம் எடை என்றால், 50 கிராம் அரிசியில் 2,500 மணி, அதில் போலி மணி 25. ஒரு குழந்தையின் தட்டில் அன்றைக்கு விழும் மொத்தச் சத்தும் அந்த 25 மணிக்குள்தான். ஒரு நாள் 20 விழும், ஒரு நாள் 30 விழும், வாரக் கணக்கில் சரியாகிவிடும், அதனால் கவலை இல்லை. ஆனால் அந்த மணி கொஞ்சம் மங்கலாகவோ, மிதப்பதாகவோ இருந்தால் அரிசி களைகிறவர் அதைக் கல், கலப்படம் என்று நினைத்துப் பொறுக்கி எறிந்துவிடுவார். நாலு விரலால் திட்டம் முழுவதும் குப்பைக்குப் போய்விடும். மணியின் நிறம், நீளம், தண்ணீரில் அமிழ்வது ஆகியவற்றுக்கு விதி வேண்டும் என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல.

உப்பு மூன்றாவது. இதில் ஏற்கெனவே அயோடின் இருக்கிறது, பெரும்பாலும் பொட்டாசியம் அயோடேட்டாக. அதில் ஃபெரஸ் இரும்பைச் சேர்த்தால் இரண்டும் சண்டை போடும். இரும்பு அயோடேட்டை ஒடுக்கி அயோடினாக்கும், அயோடின் ஆவியாகிப் போகும். இரும்பு ஆக்சிஜன் ஏறி உப்பைப் பழுப்பாக்கும். ஈரம் இருந்தால் இது வேகமாக நடக்கும். இரும்பைக் கொடுக்கப் போய் இருந்த அயோடினையும் இழக்கிற நிலை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் லெவென்டே டியோசாடியின் குழு, ஃபெரஸ் ஃப்யூமரேட்டை உப்புப் பரலின் அளவுக்கு உருட்டி, வெள்ளை நிறமியும் மெழுகு போன்ற பூச்சும் கொடுத்து, அயோடினைத் தொடவிடாமல் மூடியது. நல்ல வேலை. அந்த உப்பை டார்ஜிலிங்கில் தேயிலை பறிக்கும் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2014-இல் வெளியான சோதனை அது. ஒரு கிராம் உப்பில் 1.1 மில்லிகிராம் இரும்பு. ஒன்பது மாதத்துக்குள் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் இரண்டும் ஏறின.

அதன் பிறகு இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் சத்து உப்பை பீகாரில் 400 கிராமங்களை வைத்துச் சோதித்தார்கள். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரின் குழு செய்த வேலை. பாதிக் கிராமங்களில் கடைகளில் பாதி விலைக்கு விற்க ஏற்பாடு. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். இன்னொரு சோதனையில் சில வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். இரண்டிலும் ஹீமோகுளோபினிலும் ரத்தசோகையிலும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் ஆய்வாளர்கள் கூடவே இருந்தார்கள், கிராமத்தில் உப்பு கடைக்காரர் கையிலும் வீட்டுச் சமையலிலும் இருந்தது. முதலாவது 'போட்டால் பலன் தருமா' என்ற கேள்விக்குப் பதில். இரண்டாவது 'போடுவார்களா' என்ற கேள்விக்கு. உங்கள் கோப்புகளில் முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஆலைக்குள் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள். மாவு போகும் கன்வேயருக்கு மேலே ஒரு சின்னத் தொட்டி, அடியில் திருகு போன்ற ஒரு தண்டு. அதுதான் ஃபீடர். மணிக்கு 5 டன் மாவு, டன்னுக்கு 200 கிராம் ப்ரீமிக்ஸ் என்றால் நிமிடத்துக்கு சுமார் 17 கிராம் விழ வேண்டும். ஒரு கிண்ணத்தை அடியில் ஒரு நிமிடம் பிடித்து நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில், தொட்டிக்குள் ப்ரீமிக்ஸ் ஈரம் இழுத்துப் பாலம் போலக் கட்டிக்கொண்டது. மேலே தூள் நிறைய இருக்கிறது, கீழே தண்டு சுற்றுகிறது, மோட்டார் விளக்கு பச்சையாக எரிகிறது, நடுவில் ஒன்றுமே விழவில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு மணிக்கும் 'சரி' என்று எழுதியிருந்தது. எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பிடிபட்டது ஒரு சாதாரணச் சோதனையில். மாவைத் தட்டில் தட்டிச் சமன் செய்து, அமிலம் கலந்த பொட்டாசியம் தையோசயனேட் கரைசலை ஊற்ற வேண்டும். ஃபெரஸ் வகைக்கும் இரும்புத்தூளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்ற வேண்டும். இரும்பு இருந்தால் சில நிமிடத்தில் சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டது போல எழும். அன்றைக்கு ஒரு புள்ளிகூட எழவில்லை. கரைசல் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கலந்தோம். அப்போதும் வெள்ளைதான். அதற்கு அப்புறம்தான் தொட்டியைக் கம்பியால் குத்திப் பார்த்தோம். எத்தனை டன் அப்படிப் போனது என்று கண்டுபிடிக்க ஒரே வழி ப்ரீமிக்ஸ் இருப்புக் கணக்கு. 100 டன் மாவுக்கு 20 கிலோ செலவாகியிருக்க வேண்டும். கிடங்கில் பெட்டிகள் குறையவே இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் உங்கள் முறையில் அந்த நாட்கள் அகப்பட்டிருக்காது. அகப்பட்டாலும், இரும்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும் அந்த அறிக்கை அது எந்த இரும்பு என்று சொல்லாது. மாவை எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைத்து அளக்கும்போது எல்லா இரும்பும் ஒரே எண்ணாகிவிடும். தானியத்திலேயே இருந்த இரும்பும் அதில் சேர்ந்துகொள்ளும். வகையைத் தெரிந்துகொள்ள ப்ரீமிக்ஸ் பெட்டியின் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும். உலோகத்தூளா இல்லையா என்பதற்கு மட்டும் ஒரு காந்தம் போதும். மாவைத் தண்ணீரில் கரைத்து வலுவான காந்தத்தால் கலக்கினால் கருப்பாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இரும்பின் அளவு எழுதும் வரியிலேயே சேர்மத்தின் பெயரையும் எழுதுங்கள், ஒவ்வொரு சேர்மத்துக்கும் வேறு வேறு அளவு போடுங்கள். தவிடு நீக்காத மாவுக்கு இ.டி.டி.ஏ. தவிர வேறு எதையும் அனுமதிக்காதீர்கள். அரிசி மணிக்குத் துகள் அளவையும் சிட்ரேட்டையும் சேர்த்து எழுதுங்கள். சோதனை அதிகாரி ஆலைக்கு வந்தால் மாவு மூட்டையைக் கேட்பதற்கு முன் ப்ரீமிக்ஸ் இருப்பேட்டையும் அந்த மாத உற்பத்தி ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கட்டும். திட்டம் தொடங்கும் முன்பும் ஆறு மாதம், இரண்டு வருடம் கழித்தும் ஒரே ஊர்களில் ஃபெரிட்டினும் சி.ஆர்.பி.யும் எடுங்கள், ஹீமோகுளோபினையும் எடுங்கள். எத்தனை டன் வினியோகம் ஆனது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டாம், கடைசியில் எங்காவது இருக்கட்டும்.

விதியைத் திருத்தும் கூட்டத்தில் ஆலைத் தரப்பு 'இரும்புத்தூள்தான் மலிவு, மாவும் கெடாது' என்று சொல்லும். அது உண்மைதான். அப்போது மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரும், அந்த மாவும், ஒரு காந்தமும் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாவு ஆலை ஆய்வுக்கூட ஊழியர்